சேதாரம்: பட்டறையிலிருந்து பில்லுக்கு வந்த ஒரு சொல்

உடும்பஞ்சோலை வட்டத்தின் ஏலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு நகை வாங்க இரண்டு திசைகள் உண்டு. ஒன்று, கேரளத்துக்குள்ளேயே நெடுங்கண்டத்திலோ கட்டப்பனையிலோ உள்ள கடைகள். மற்றொன்று, போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூருக்கோ, கம்பம்மெட்டு வழியாகக் கம்பத்துக்கோ இறங்கும் மலைப்பாதை. தங்கம் இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் பில்லின் மொழி வேறு. மலையின் கிழக்கே தரப்படும் பில்லில் 'சேதாரம்', 'செய்கூலி' என்று இரண்டு கட்டங்கள் இருப்பது வழக்கம். மேற்கே பெரும்பாலும் 'பணிக்கூலி' என்ற ஒரே கட்டம் இருக்கும். இரு வட்டாரங்களிலும் பெரிய கடைகள் இப்போது இவற்றையெல்லாம் 'வி.ஏ.', அதாவது மதிப்புக்கூட்டல், என்ற இரண்டெழுத்துக்குள் அடக்கி வருகின்றன.

இந்தப் பெயர் வேறுபாட்டை வெறும் வட்டார வழக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. நகைக்கடையின் ஈ.ஆர்.பி. மென்பொருளில் ஒவ்வொரு சொல்லும் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அலகு உண்டு. சேதாரம் கிராமில் எழுதப்படுகிறது, பணிக்கூலி ரூபாயில் எழுதப்படுகிறது. வாங்குபவர் கட்டும் தொகை ஒன்றாகவே இருந்தாலும், கிராமில் எழுதப்பட்டது ரூபாயில் எழுதப்பட்டது போல நடந்துகொள்வதில்லை. கடையின் இருப்புக் கணக்கிலும் வாங்குபவரின் மனக்கணக்கிலும் அந்தக் கிராம் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு விற்பனையை எடுத்துக்கொள்ளலாம். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு 22 காரட் தங்கத்தின் விலை கிராமுக்கு 10,000 ரூபாய் என்று கொள்வோம். ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண், மகளுக்காக இரண்டு பவுன் சங்கிலி வாங்குகிறார். பவுனுக்கு 8 கிராம். ஆகவே சங்கிலி 16.000 கிராம். கல் இல்லை. கடை சொல்லும் சேதாரம் 10 விழுக்காடு, செய்கூலி கிராமுக்கு 150 ரூபாய்.

மலையின் கிழக்கே பில் இப்படி வளரும். தங்கம் 16.000 கிராம், 1,60,000 ரூபாய். சேதாரம் 1.600 கிராம், 16,000 ரூபாய். செய்கூலி 2,400 ரூபாய். மொத்தம் 1,78,400 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 3 விழுக்காடு, 5,352 ரூபாய். ஹால்மார்க் கட்டணம் நகை ஒன்றுக்கு 45 ரூபாய், அதற்குரிய 18 விழுக்காட்டு வரியோடு 53 ரூபாய் 10 காசு. கட்ட வேண்டியது 1,83,805 ரூபாய் 10 காசு.

மலையின் மேற்கே ஒரு கடை அதே சங்கிலிக்குப் பணிக்கூலி 11.5 விழுக்காடு என்று சொல்வதாகக் கொள்வோம். 1,60,000 ரூபாயில் 11.5 விழுக்காடு 18,400 ரூபாய். மொத்தம் மீண்டும் 1,78,400. வரியும் ஹால்மார்க் கட்டணமும் அவையே. இறுதித் தொகையில் ஒரு காசுகூட மாறவில்லை. ஆனால் முதல் பில்லைப் படிப்பவரின் கண்ணில் 17.600 கிராம் படுகிறது. இரண்டாம் பில்லைப் படிப்பவரின் கண்ணில் 16.000 கிராம் மட்டுமே படுகிறது.

கல்லாவின் முன் நடக்கும் பேரமும் இந்தச் சொல்லைப் பொறுத்தே அமைகிறது. "கூலியக் கொஞ்சம் கொறைச்சுக்கங்க தம்பி" என்று அந்தப் பெண் கேட்க முடியும். கூலி என்பது அவர் அன்றாடம் அறிந்த சொல். அது ஒருவர் கொடுத்து இன்னொருவர் வாங்குவது. கூடும், குறையும், அதற்காகப் போராட்டம்கூட நடக்கும். தோட்டத் தொழிலாளிக்கு அதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மலையாளத்தின் பணிக்கூலியும் தமிழின் செய்கூலியும் இந்தக் கூலியைத்தான் பொதுவாகக் கொண்டிருக்கின்றன. சேதாரம் அப்படிப்பட்ட சொல் அல்ல. சேதம் என்ற சொல்லோடு சேர்த்தே அது காதில் விழுகிறது. மழையில் சேதம், வெள்ளத்தில் சேதம் என்பதுபோல, யாரும் எடுத்துக்கொள்ளாத ஓர் இழப்பாக அது கேட்கிறது. "அது செய்யும்போதே போயிருதுக்கா" என்று விற்பனையாளர் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். போய்விட்ட ஒன்றைக் குறைக்கச் சொல்லி எப்படிக் கேட்பது?

எனவே, உண்மையில் எவ்வளவு போகிறது என்பதை அறியப் பட்டறைக்குச் செல்ல வேண்டும். சொல் பிறந்த இடம் அதுதான். பொற்கொல்லர் தங்கத்தை உருக்கும்போது குகையில் துளி ஒட்டிக்கொள்கிறது. கம்பியிழுத்து வெட்டும்போது துணுக்கு தெறிக்கிறது. அரத்தால் ராவும்போது பொடி பறக்கிறது. மெருகிடும்போது மேற்பரப்பு தேய்கிறது. இதில் பெரும்பகுதியைப் பொற்கொல்லர் மீட்டுக்கொள்கிறார். மடிமேல் விரித்த தோலில் விழும் பொடி, தரையைக் கூட்டிய மண், கை கழுவிய நீர் ஆகிய எல்லாவற்றிலும் தங்கம் உண்டு. பட்டறை மண்ணை விலைக்கு வாங்கி அரித்துத் தங்கம் எடுப்பதே தனித் தொழிலாக இருந்துவருகிறது. மீட்க முடியாமல் போவதே உண்மையான சேதாரம். அது வேலை முடிந்த பிறகு, தராசில் நிறுத்த பிறகு, தெரியவருகிற எடை.

இந்த எடையை ஒழுங்காகப் பிடிக்கும் மென்பொருளில் பொற்கொல்லர் ஒவ்வொருவருக்கும் ஒரு தங்கக் கணக்கு இருக்கும். அது பணக் கணக்கிலிருந்து வேறானது. அதன் நாணயம் கிராம். மேற்சொன்ன சங்கிலியைச் செய்ய, கடை 916 தரத்தில் 18.000 கிராம் கொடுத்ததாகக் கொள்வோம். பொற்கொல்லர் 16.000 கிராம் சங்கிலியையும் 1.550 கிராம் துணுக்கையும் திருப்பித் தருகிறார். குறைவது 0.450 கிராம். செய்து முடித்த எடையில் 2.5 விழுக்காடு சேதாரம் என்பது இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம் என்றால், 0.400 கிராம் அனுமதிக்கப்படும். மீதி 0.050 கிராம் பொற்கொல்லர் பெயரில் பாக்கியாக நிற்கும்.

இங்கே தூய்மை என்னும் கட்டம் குறுக்கிடுகிறது. திரும்பி வந்த துணுக்கில் பற்றவைத்த பொடியும் கலந்திருக்கலாம். அப்போது அதன் தரம் 916-க்குக் கீழே இறங்கும். சோதனையில் அது 900 என்று வந்தால் கதை மாறுகிறது. கொடுத்த 18.000 கிராமில் இருந்த தூய தங்கம் 16.488 கிராம். சங்கிலியில் 14.656, துணுக்கில் 1.395. குறைவது 0.437 கிராம் தூய தங்கம். அனுமதித்த 0.400 கிராமைத் தூய தங்கமாக மாற்றினால் 0.366. ஆகவே உண்மையான பாக்கி 0.071 கிராம் தூய தங்கம். வெறும் எடையாகப் பார்த்த கணக்கில் அது 0.050 கிராம் 916 தங்கம், அதாவது 0.046 கிராம் தூய தங்கம் மட்டுமே. இந்த 25 மில்லிகிராம் வேறுபாடு ஒரு சங்கிலியில் அற்பம். ஆனால் மாதம் நூறு உருப்படி செய்யும் பட்டறையின் கணக்கில் அது இரண்டரை கிராமாகத் திரளும். ஆகவேதான் பொற்கொல்லர் கணக்கை மொத்த எடையில் எழுதாமல், தரத்தால் பெருக்கித் தூய தங்கமாக எழுதுவது நல்ல மென்பொருளின் இலக்கணமாகிறது.

இப்போது இரண்டு எண்களையும் அருகருகே வைக்கலாம். பட்டறையில் அனுமதிக்கப்பட்ட சேதாரம் 0.400 கிராம். பில்லில் எழுதப்பட்ட சேதாரம் 1.600 கிராம். இரண்டுக்கும் பெயர் ஒன்று. முதலாவது, நடந்து முடிந்த ஓர் இழப்புக்கு விதித்த வரம்பு. இரண்டாவது, விற்பதற்கு முன்பே நகையின் சீட்டில் அச்சிடப்பட்ட ஒரு விலை. இடையிலுள்ள 1.200 கிராமின் மதிப்பு எங்கும் தொலைந்துபோவதில்லை. பொற்கொல்லருக்குக் கொடுத்த கூலியில் ஒரு பகுதி, வடிவமைப்புச் செலவு, கடை வாடகை, ஊழியர் சம்பளம், விற்காமல் கிடக்கும் சரக்கின் வட்டி, இலாபம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கடைக்காரர் இவற்றுக்குப் பணம் வாங்குவதில் தவறேதும் இல்லை. எந்தக் கடையும் அப்படித்தான் நடக்கும். ஆனால் அதற்கு இழப்பின் பெயரைச் சூட்டி, இழப்பின் அலகிலேயே எழுதும்போது பிழைகள் தொடங்குகின்றன.

முதல் பிழை கடைக்காரரையே தாக்குகிறது. நகைக்கென்றே எழுதப்பட்ட மென்பொருளில் ஒரு விற்பனையின் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
net_wt     = gross_wt - stone_wt
wastage_wt = net_wt * wastage_pct / 100
metal_amt  = (net_wt + wastage_wt) * rate
making_amt = net_wt * making_per_gm
stock_out  = net_wt
```

கடைசி வரியில்தான் உயிர் இருக்கிறது. விலையைக் கணிக்கும்போது சேதார எடை கூட்டப்படுகிறது. இருப்பைக் கழிக்கும்போது கூட்டப்படுவதில்லை. கடையை விட்டு வெளியே போனது 16.000 கிராம் மட்டுமே. பட்டறைக் கணக்கில் நிலைமை நேர்மாறானது. அங்கே சேதாரம் உண்மையாகவே இருப்பைக் குறைக்க வேண்டும், ஏனெனில் அந்தத் தங்கம் திரும்பி வரவில்லை. ஒரே சொல் ஓரிடத்தில் இருப்பைத் தொட வேண்டும், மற்றோரிடத்தில் தொடவே கூடாது. மொழியியலில் பயின்றவர்களுக்கு இது பழகிய நிலைமைதான்: வடிவம் ஒன்று, பொருள் இரண்டு, பொருளைப் பிரித்துக் காட்டுவது சூழல். மனிதருக்குச் சூழல் தானாகவே விளங்கிவிடுகிறது. மென்பொருளுக்கு அதைத் தனிக் கட்டமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பொதுவான பில் மென்பொருளை நகைக்கடைக்குப் பொருத்திக்கொள்ளும் சிறு கடைகளில் இது தவறுவதற்கு வாய்ப்பு மிகுதி. அவற்றில் அளவு, விலை, தொகை என்ற மூன்றே கட்டங்கள் இருக்கும். தொகை 1,76,000 என்று வர வேண்டும், விலை 10,000. ஆகவே அளவுக் கட்டத்தில் 17.600 என்று தட்டுவதே ஊழியருக்கு எளிய வழி. பில் சரியாக வரும். வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டுப் போவார். ஆனால் மென்பொருள் இருப்பிலிருந்து 17.600 கிராமைக் கழித்திருக்கும். அப்படிப் பத்துச் சங்கிலிகள் விற்ற நாளின் முடிவில், பெட்டியிலுள்ள தங்கம் கணக்கிலுள்ளதைவிட 16 கிராம் அதிகமாக இருக்கும்.

குறைந்தால்தானே கவலை, கூடினால் என்ன என்று தோன்றலாம். இரண்டு பவுன் தங்கம் கணக்கில் இல்லாமல் பெட்டியில் இருக்கிறது என்பதற்குப் பொருள், அதை யார் எடுத்துச் சென்றாலும் கணக்கு அதைக் காட்டிக்கொடுக்காது என்பதே. மாலையில் எடை சரிபார்க்கும்போது கணக்கும் பெட்டியும் ஒத்துப்போய்விடும். திருட்டு நடந்த நாளில்தான் இருப்பு 'சரியாக' இருக்கும். எதுவும் திருடு போகாவிட்டாலும், வரித்துறை ஆய்வில் கணக்கில் காட்டாத சரக்காக அந்த மிகுதி எழுந்து நிற்கும். அது எப்படி வந்தது என்று விளக்க வேண்டிய பொறுப்பு கடைக்காரருடையது.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கப் பெட்டியைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. மாதாந்திர ஜி.எஸ்.டி. விற்பனை அறிக்கையான ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தில், பொருள் குறியீட்டு வாரியாக மொத்த அளவைக் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. தங்க நகையின் குறியீடு 7113. அளவுக் கட்டத்தில் சேதாரத்தைச் சேர்த்து எழுதிய கடையில், இந்த அட்டவணை வாங்கிய தங்கத்தைவிட அதிகமான தங்கத்தை விற்றதாகக் காட்டும். ஆண்டுத் தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி, விற்றதைக் கழித்துப் பார்த்தால், பத்து விழுக்காட்டுக்கு அருகில் ஒரு துண்டு விழும். அந்த விகிதம் கடையின் சராசரிச் சேதார விகிதத்தோடு ஒத்துப்போனால், தவறு தராசிலும் இல்லை, ஊழியரிடமும் இல்லை. அளவுக் கட்டத்தில் இருக்கிறது.

இரண்டாம் பிழை வாங்குபவரைத் தாக்குகிறது. விழுக்காடு என்பது எதன் விழுக்காடு என்ற கேள்வியில் அது ஒளிந்திருக்கிறது. அதே சங்கிலியில் கல் பதித்த ஒரு பதக்கம் சேர்வதாகக் கொள்வோம். மொத்த எடை 17.200 கிராம், கல்லின் எடை 1.200, நிகர எடை 16.000. மென்பொருளின் அமைப்பில் சேதாரத்தை நிகர எடையில் கணிப்பதா, மொத்த எடையில் கணிப்பதா என்று ஒரு தெரிவு இருக்கும். மொத்த எடையைத் தெரிவு செய்தால் சேதாரம் 1.600 அல்ல, 1.720 கிராம். செய்கூலியும் மொத்த எடைக்கே என்றால் 2,400 அல்ல, 2,580 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,380 ரூபாய் கூடுகிறது. வரியோடு 1,421 ரூபாய் 40 காசு. கல்லை யாரும் அரத்தால் ராவவில்லை; ஆனாலும் கல்லுக்கும் தங்கத்தின் விலையில் சேதாரம் கொடுத்தாயிற்று. இன்னொரு அமைப்பு, செய்கூலியை நிகர எடையோடு சேதாரத்தையும் கூட்டி 17.600 கிராமுக்குக் கணிக்கும். அப்போது 240 ரூபாய் மிகும். போய்விட்டதாகச் சொல்லப்படும் தங்கத்துக்கும் சேர்த்துச் செய்கூலி தருவதாக ஆகிறது அது.

இவை மோசடி என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் மென்பொருளை நிறுவிய நாளில் ஒருவர் தேர்ந்த ஒரு தெரிவு; அதன்பின் யாரும் அந்தத் திரையைத் திறந்திருக்க மாட்டார்கள். கல்லாவில் நிற்பவருக்கே அது தெரியாமலிருக்கலாம். ஆனால் வாங்குபவர் பில்லை வைத்தே இதைச் சோதிக்கலாம். சேதார எடையைச் சேதார விழுக்காட்டால் வகுத்து நூறால் பெருக்கினால், கடை எந்த எடையை அடிப்படையாகக் கொண்டது என்பது வெளிப்பட்டுவிடும். 1.600-ஐப் பத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 16.000, 1.720 என்றால் 17.200. ஆனால் பில்லில் விழுக்காடும் எடையும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருந்தால்தான் இது இயலும். எல்லாவற்றையும் ஒரே வி.ஏ. தொகையாக அச்சிடும் பில்லில் இந்தச் சோதனைக்கு இடமில்லை.

தூய்மையின் நிலை இதற்கு மாறானது. அதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் என்ற ஆணை 2021 ஜூன் 16 அன்று 256 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. தரம் சோதித்து முத்திரையிடும் மையம் உள்ள மாவட்டங்களே முதல் பட்டியலில் இடம்பெற்றன. கேரளத்தில் அப்போது விடுபட்ட ஒரே மாவட்டம் இடுக்கி. சில காலம், மலைக்கு மேற்கே இந்த முத்திரை கட்டாயமாக இல்லாதிருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையை விற்க முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த ஆறு இலக்கத்தைத் தட்டினால், நகை எந்த வகை, எந்தத் தரம், எந்த மையத்தில் சோதிக்கப்பட்டது என்பது தெரியும். ஆகவே மென்பொருளில் தூய்மைக் கட்டத்தில் 916 என்று எழுதுவது கடையின் சொல் மட்டுமல்ல; வெளியே ஒரு பதிவேடு அதை உறுதி செய்கிறது அல்லது மறுக்கிறது.

ஹால்மார்க் விதிகளில் சேதாரத்துக்கு இடமே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஹால்மார்க் நகையின் பில்லில் தனியாகக் காட்ட வேண்டியவை: உருப்படியின் விவரம், தங்கத்தின் நிகர எடை, காரட்டும் தரமும், ஹால்மார்க் கட்டணம். நகை சொன்ன தரத்தில் இல்லையென்றால் வாங்கியவருக்கு இழப்பீடு உண்டு. 2018-ஆம் ஆண்டின் அமைவன விதிகளின்படி, விற்ற பொருளின் எடைக்குத் தரக் குறைவைக் கணக்கிட்டு, அந்த வேறுபாட்டின் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும். அந்த எடை 16.000 கிராம்தான், 17.600 அல்ல. சட்டத்தின் கண்ணில் நகை என்பது கழுத்தில் கிடக்கும் தங்கம் மட்டுமே.

சேதாரத்துக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. இருக்கவும் முடியாது. நகையைச் சோதனைக் கருவியில் வைத்தால் அதில் உள்ள தங்கம் தெரியும். அதைச் செய்யும்போது போன தங்கம் தெரியாது. அதை அறிந்தது பட்டறைக் கணக்கு ஒன்றே. ஆனால் அந்தக் கணக்குக்கும் வாடிக்கையாளரின் பில்லுக்கும் இடையே மென்பொருள் எந்தப் பாலமும் போடுவதில்லை. வணிக நோக்கில் அப்படிப் போடவேண்டிய தேவையும் இல்லை. இயந்திரத்தில் வார்த்து எடுத்த மோதிரத்துக்கும் கையால் பின்னிய சங்கிலிக்கும் உண்மை இழப்பு வேறு வேறு. பில்லின் விகிதமோ வடிவத்துக்கு எவ்வளவு கிராக்கி என்பதையும் சேர்த்தே நிர்ணயிக்கப்படுகிறது. திருமணக் காலத்தில் 'சேதாரம் இல்லை' என்று கடைகள் விளம்பரம் செய்ய முடிவதே இதற்குச் சான்று. உண்மையான இழப்பாக இருந்தால், அதை விளம்பரத்தால் இல்லாமல் ஆக்க முடியாது. அத்தகைய விற்பனையில் சேதாரக் கட்டம் சுழியாகி, செய்கூலிக் கட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதே பொருளுடையது.

இந்த வேறுபாடு முழு எடையோடு வெளிப்படுவது நகை கடைக்குத் திரும்பி வரும் நாளில். அந்தப் பெண் இரண்டு ஆண்டுகள் கழித்து, ஏலக்காய் விலை சரிந்த ஒரு பருவத்தில், சங்கிலியை விற்கவோ அடகு வைக்கவோ வருகிறார் என்று கொள்வோம். தங்கத்தின் விலை மாறவில்லை என்றும் கொள்வோம். அவர் கையில் 17.600 என்று எழுதிய பில் இருக்கிறது. தராசு 16.000 காட்டுகிறது; தேய்மானம் இருந்தால் அதற்கும் சற்றுக் குறைவாகக் காட்டும். பழைய நகை வாங்கும் திரையில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை, சோதித்த தரம் என்ற கட்டங்கள் இருக்கும். சேதாரத்துக்கும் செய்கூலிக்கும் கட்டமே இருக்காது. முழுத் தரத்துக்கு முழு விலை கிடைத்தாலும் 1,60,000 ரூபாய். கட்டியதற்கும் பெறுவதற்கும் இடையே 23,805 ரூபாய். அடகுக் கடையும் வங்கியும் பார்ப்பது அதே நிகர எடையைத்தான்.

பணிக்கூலி என்று எழுதிய பில்லை வைத்திருப்பவருக்கும் நட்டம் அதே 23,805 ரூபாய்தான். ஆனால் அவர் எதையும் இழந்துவிட்டதாக நினைக்க மாட்டார்; வேலைக்குக் கூலி கொடுத்தார், கூலி திரும்பி வராது என்பது அவருக்கு முன்பே தெரியும். சேதாரம் என்று எழுதிய பில்லை வைத்திருப்பவருக்கோ, 1.6 கிராம் தங்கத்துக்கு விலை கொடுத்தோம், அந்தத் தங்கம் எங்கே என்ற கேள்வி எழும். கேள்வி நியாயமானது. விடை, அதில் பெரும்பகுதி ஒருபோதும் தங்கமாக இருந்ததில்லை, கிராமில் எழுதப்பட்ட ரூபாய் அது, என்பதே.

ஆகவே, மென்பொருளை அமைப்பவரிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான். பட்டறைச் சேதாரமும் விற்பனைச் சேதாரமும் வெவ்வேறு பெயருடைய வெவ்வேறு கட்டங்களாக இருக்கின்றனவா? விற்பனைச் சேதாரம் இருப்பைத் தொடாமல், அடிப்படை எடையும் விழுக்காடும் தொகையும் தனித்தனியாக அச்சிடப்படுகின்றனவா? முதலாவது, கடைக்காரரின் பெட்டியைக் காக்கும். இரண்டாவது, வாங்குபவருக்குப் பேரம் பேச ஒரு எண்ணைக் கொடுக்கும். நெடுங்கண்டத்துப் பில்லையும் போடிநாயக்கனூர்ப் பில்லையும் ஒப்பிட விரும்புபவருக்கு வழி இன்னும் எளிது: ஒவ்வொரு பில்லிலும் வரிக்கு முந்தைய மொத்தத்திலிருந்து நிகர எடையின் தங்க விலையையும், கல் இருந்தால் கல்லின் விலையையும் கழித்து, மிஞ்சுவதை அந்தத் தங்க விலையால் வகுக்க வேண்டும். சேதாரம், செய்கூலி, பணிக்கூலி, வி.ஏ. என்ற எல்லாப் பெயர்களும் அப்போது ஒரே விழுக்காடாகச் சுருங்கிவிடும். மேலே கண்ட இரண்டு பில்களிலும் அது 11.5. அந்த 11.5 விழுக்காட்டில் பட்டறையின் உண்மை இழப்பு போக மிஞ்சுவது கூலியும் கடையின் செலவும் இலாபமும்தான். அது பட்டறையில் இருப்பவருக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு என்பது மட்டுமே மீதமுள்ள கேள்வி.